ஏப்ரலில் மூன்று சம்பளம், மே 5-ல் இஎம்ஐ பவுன்ஸ்: ஒரு கொழிஞ்சாம்பாறை குடும்பத்தின் கணக்கு

மாதத்தில் மூன்று சம்பளம் வந்த ஒரு வீட்டில், அடுத்த ஐந்தாவது நாளே வீட்டுக் கடன் இஎம்ஐ திரும்பிவிட்டது. வேலை போகவில்லை, யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போகவில்லை, ஊதாரித்தனமும் இல்லை. கணக்குப் போட்ட விதத்தில்தான் கோளாறு. எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போய் மணிக்கணக்கில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருப்பதால், அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர் மட்டும் சொல்லாமல் முழுக்கணக்கையும் எழுதுகிறேன்.

குடும்பம் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பும் இரண்டு மாடும். மகள் மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் கேஷுவல் வேலை. கேஷுவல் என்றால் மணிக்கு இவ்வளவு என்று கூலி. நிரந்தர ஆட்களைவிட மணிக்கூலி 25 சதவீதம் கூடுதல், ஆனால் சம்பளத்தோடு கூடிய லீவு கிடையாது. வேலை செய்த மணிக்கு மட்டும்தான் காசு. வரி பிடித்தது போக அவள் கைக்கு மணிக்குச் சராசரியாக 32 டாலர் வருகிறது. 14 நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமை அக்கவுண்ட்டில் விழும்.

இந்த 14 நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா இதை மாதம் இரண்டு சம்பளம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார். கஞ்சிக்கோட்டில் ஏதாவது ஒரு கம்பெனி 15-ம் தேதி ஒரு தவணை, மாதக் கடைசியில் ஒரு தவணை என்று கொடுத்தால் அது வருடத்துக்கு 24 சம்பளம், எந்த மாதத்திலும் மூன்று வராது. 14 நாள் சம்பளம் அப்படி இல்லை. அது மாதத்தைப் பார்க்காது, கிழமையை மட்டும் பார்க்கும். இரண்டு சம்பளம் சேர்ந்தால் 28 நாள் கூலி. மாதமோ 30 நாள், 31 நாள். ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் கூலி அந்த மாதக் கணக்குக்குள் வராமல் வெளியே நிற்கிறது. சம்பளத் தேதியும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு மூன்று நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. 2026-ல் அவளுக்குச் சம்பளம் விழுந்த தேதிகளை வைத்தே பாருங்கள். ஏப்ரல் 2, அதிலிருந்து 28 நாள் கழித்து ஏப்ரல் 30, அப்புறம் மே 28, ஜூன் 25, ஜூலை 23. நகர்ந்து நகர்ந்து மாதத்தின் முதல் ஓரிரு நாளில் ஒரு சம்பளம் வந்து நிற்கும்போது, கடைசியில் இன்னொன்றுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. ஏப்ரல் 2, 16, 30. அவ்வளவுதான் மூன்று சம்பள மாதம். முதலாளி கூடுதலாக ஒன்றும் தரவில்லை. மாதாமாதம் வெளியே நின்ற அந்த இரண்டு மூன்று நாள் கூலி சேர்ந்து ஒரு முழுச் சம்பளமாக வருகிறது.

எந்த மாதம் என்று கண்டுபிடிக்கப் பெரிய வேலை எதுவும் இல்லை. 31 நாள் மாதமாக இருந்து முதல் சம்பளம் 1, 2, 3 தேதிகளில் ஒன்றில் விழுந்தால் அந்த மாதம் மூன்று. 30 நாள் மாதமென்றால் 1 அல்லது 2-ல் விழ வேண்டும். 28 நாள் பிப்ரவரியில் வரவே வராது. சாதாரணமாக வருடத்துக்கு 26 சம்பளம், அதில் இரண்டு மாதம் மூன்று மூன்று. 2026-ல் இவளுக்கு அது ஏப்ரலும் அக்டோபரும். அதே ஊரில், மாற்று வியாழக்கிழமை சம்பளம் வாங்குகிற இன்னொருவருக்கு ஜனவரி 1, 15, 29 என்று தொடங்கி, ஜூலையிலும் மூன்று, டிசம்பர் 31-ல் மறுபடி மூன்றாவது, ஆக வருடத்துக்கு 27 வரும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எப்போது வந்தது என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவரவர் பேஸ்லிப்பில் உள்ள தேதியிலிருந்து 14, 14 ஆகக் கூட்டிக் காலண்டரில் வட்டம் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது ஏப்ரலில் நடந்தது.

ஏப்ரல் 2-ல் 1,792 டாலர் வந்தது, 56 மணி நேரத்துக்கு. ஏப்ரல் 16-ல் 2,480 டாலர். அந்தச் சம்பளம் மார்ச் 30 முதல் ஏப்ரல் 12 வரை பார்த்த வேலைக்கு. அதற்குள் ஏப்ரல் 3 புனித வெள்ளி, 6 ஈஸ்டர் திங்கள், இரண்டும் பொது விடுமுறை. விடுமுறை நாளில் வேலை செய்தால் கூலி வழக்கத்தைவிட மிக அதிகம். அவள் இரண்டு நாளும் போயிருந்தாள். ஏப்ரல் 30-ல் 60 மணி நேரத்துக்கு 1,920. மூன்றும் சேர்த்து 6,192 டாலர்.

"மாமா, இந்த மாசம் நல்லா வந்திருக்குங்க" என்று அவளே எனக்கு மெசேஜ் போட்டாள். அப்பா இதை மாதச் சம்பளம் ஆறாயிரம் டாலர் என்று எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 16 சம்பளத்திலிருந்து அவள் 1,500 டாலர் அனுப்ப, அவர் மாதம் 40,000 ரூபாய் கட்டுகிற ஒரு குறியில், அதாவது சீட்டில், சேர்ந்து முதல் தவணையைக் கட்டினார், மீதியில் தோப்புக்கு மோட்டார் மாற்றினார். ஏப்ரல் 30 சம்பளத்தில் 869 டாலர் மே 1 அறை வாடகைக்குப் போனது. 700 டாலரை, ஏறக்குறைய 42,000 ரூபாய், அவள் அன்றைக்கே அனுப்பிவிட்டாள். கையில் 350 டாலர் வைத்துக்கொண்டாள், இரண்டு வாரச் சாப்பாட்டுக்கு.

"எச்சா வந்த சம்பளந்தானுங்களே, அது வழக்கமான காசு இல்லையே" என்று சொல்லி அவர் அந்த 42,000-ஐ மே 2-ம் தேதியே காம்பவுண்டுச் சுவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மே 5-ம் தேதி 30,000 ரூபாய் இஎம்ஐ எடுக்க வங்கி வந்தது, அக்கவுண்ட்டில் இல்லை. பவுன்ஸ் சார்ஜ், அதற்கு மேல் ஜிஎஸ்டி. 10-ம் தேதி குறித் தவணை வேறு. அடுத்த சம்பளம் மே 14. அது வெறும் 46 மணி நேரத்துக்கு, 1,472 டாலர். மே 28-ல் 50 மணி நேரம், 1,600. மே மாதம் மொத்தம் 3,072. ஏப்ரலில் வந்ததில் பாதிகூட இல்லை.

அவர் பேங்க் பாஸ்புக்கையும் அவள் அனுப்பிய பேஸ்லிப்புகளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது முதலில் கேட்டது, மகளுக்கு வேலை குறைந்துவிட்டதா என்றுதான். குறையவில்லை. ரோஸ்டரில் 46-ம் 50-ம் அவளுக்கு வழக்கமாக வருவதுதான். ஏப்ரல்தான் வழக்கத்துக்கு மாறானது, அதுவும் இரண்டு வேறு வேறு காரணத்தால். மூன்று சம்பளம் விழுந்தது ஒன்று, ஈஸ்டர் கூலி ஒன்று. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. மணிக்கூலிக்காரர் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் காலண்டரால் வருகிற உபரி வருடா வருடம் வரும், விடுமுறைக் கூலி அன்றைக்கு ஷிப்ட் கிடைத்தால் மட்டும்தான் வரும்.

ஆனால் இஎம்ஐ திரும்பியதற்குக் காரணம் இது மட்டுமல்ல. பெரும்பாலானவர்கள் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 30-ல் விழுந்தது ஏப்ரலின் மூன்றாவது சம்பளம் என்பது காலண்டர் சொல்கிற கதை. செலவுப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மே மாதத்தின் முதல் சம்பளம். வாடகை 1-ம் தேதி, இஎம்ஐ 5-ம் தேதி, அடுத்த சம்பளம் 14-ம் தேதி. அந்த 1-க்கும் 5-க்கும் பணம் வேறு எங்கிருந்து வரும்? மூன்று சம்பள மாதத்தின் கடைசிச் சம்பளம் எப்போதும் மாதக் கடைசியில்தான் விழும், அதாவது அடுத்த மாத வாடகையும் தவணையும் வாசலில் நிற்கிற நேரத்தில். அதை உபரி என்று எடுத்துச் செலவு செய்தால் அடுத்த மாதத் தொடக்கம் இடிக்கத்தான் செய்யும்.

அப்படியானால் உண்மையான உபரி எங்கே? மாதத்தை 1-ம் தேதியிலிருந்து எண்ணாமல், உங்கள் பெரிய தவணைத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். இவர்களுக்கு இஎம்ஐ 5-ம் தேதி. அங்கிருந்து பணம் அனுப்பி இங்கே ஏற இரண்டு மூன்று நாள், நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் இழுக்கும் என்று வைத்து, 2-ம் தேதிக்குள் விழுந்த சம்பளம்தான் அந்த மாத இஎம்ஐ-க்கு உதவும் என்று கோடு போட்டோம். அதாவது 3-ம் தேதி முதல் அடுத்த 2-ம் தேதி வரை ஒரு சுற்று. இப்போது எண்ணிப் பாருங்கள். மே இஎம்ஐ-க்கு ஏப்ரல் 16, 30, இரண்டு சம்பளம். ஜூனுக்கு மே 14, 28. ஜூலைக்கு ஜூன் 11, 25. ஆகஸ்டுக்கு ஜூலை 9, 23. செப்டம்பருக்கு ஆகஸ்ட் 6, 20. எல்லாம் இரண்டு. அக்டோபர் 5 இஎம்ஐ-க்கு வரும்போதுதான் செப்டம்பர் 3, 17, அக்டோபர் 1 என்று மூன்று கிடைக்கிறது. அதற்கு முந்தைய மூன்று, மார்ச் 5, 19, ஏப்ரல் 2. ஆக இவர்கள் வீட்டில் உபரிச் சம்பளம் ஏப்ரல் 2-ல் வந்தது, அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏப்ரல் 30-ல் உபரியே இல்லாத சம்பளத்தை உபரி என்று செலவழித்தார்கள். அக்டோபர் 29-லும் இதே வலை காத்திருந்தது.

தவணை 20-ம் தேதி வருகிற வீட்டுக்கு இந்த எண்ணிக்கை முழுக்க மாறும். அதனால்தான் மூன்று சம்பள மாதம் எது என்று நெட்டில் தேடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். காலண்டரில் சம்பளத் தேதிக்கு ஒரு நிறத்தில் வட்டம், தவணைத் தேதிக்கு இன்னொரு நிறத்தில் வட்டம் போட்டு, இரண்டு தவணை வட்டத்துக்கு நடுவில் எத்தனை சம்பள வட்டம் இருக்கிறது என்று எண்ணுவதுதான் சரியான வழி.

அடுத்தது, மாதம் எவ்வளவுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வி. மாறாத சம்பளம் வாங்குகிறவருக்கு, ஒரு சம்பளத்தை 26-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதச் சராசரி வந்துவிடும். மணிக்கூலிக்காரருக்கு அந்தச் சராசரி ஆபத்து. சராசரி என்பது ஈஸ்டரையும் சேர்த்துக்கொண்டு நிற்கிற எண், மே 5-ம் தேதி அது அக்கவுண்ட்டில் இருக்காது. அதனால் பேஸ்லிப்புகளை எல்லாம் அடுக்கினோம். அவளே லீவு எடுத்ததால் குறைந்தவற்றை ஒதுக்கிவிட்டு, ரோஸ்டரில் கிடைத்ததே குறைவு என்கிற சம்பளங்களில் மிகக் குறைந்ததைத் தேடினோம். 44 மணி நேரம், 1,408 டாலர். அதுபோல் இரண்டு, 2,816. மாதாமாதம் கட்டியே ஆக வேண்டியவை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும், மூன்றாவது சம்பளம் என்று ஒன்று இல்லவே இல்லை என்ற நினைப்போடு. (ஸ்டூடண்ட் விசாவில் இருப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் படிப்பு நடக்கும் காலத்தில் 14 நாளுக்கு 48 மணி நேரம்தான் உச்சவரம்பு. அவர்கள் வீட்டில் இந்த அடிமட்ட எண் இன்னும் கீழே போகும்.)

செலவுப் பக்கம் எழுதினால், வாடகை 869. இதிலும் ஒரு விஷயம் உண்டு. அங்கே வாடகையை வாரக்கணக்கில் பேசுவார்கள், வாரம் 200 டாலர் என்று. நம் ஆட்கள் நான்கால் பெருக்கி 800 என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். மாதம் நான்கு வாரம் இல்லை. 200-ஐ 7-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் 869. சம்பளத்தில் மாதத்துக்கு வெளியே நிற்கிற அதே இரண்டு மூன்று நாள்தான் இங்கே வாடகையில் உள்ளே வந்து நிற்கிறது. சாப்பாடு, பஸ், ரயில், போன் எல்லாம் வாரம் 160 என்றால் அதுவும் அதே கணக்கில் மாதம் 695. இஎம்ஐ 500 டாலர், வீட்டுச் செலவுக்கு 300. மொத்தம் 2,364.

குறி 40,000 ரூபாய், அதாவது சுமார் 670 டாலர், சேர்த்தால் 3,034. இரண்டு மெலிந்த சம்பளத்தின் 2,816-க்கு மேலே போய்விடுகிறது. குறியிலிருந்து நடுவில் வெளியே வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை; விலகினால் கட்டிய பணம் உடனே முழுசாகக் கைக்கு வராது. அதனால் அவர் தம்பியிடம் பேசி ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் பங்கு 20,000, சுமார் 335 டாலர். மொத்தம் 2,699. மெலிந்த மாதத்திலும் நூறு டாலர் சொச்சம் மிஞ்சுகிறது. காம்பவுண்டுச் சுவர் அட்வான்ஸ் திரும்ப வரவில்லை, வேலையை மட்டும் தள்ளிப்போட மேஸ்திரி ஒத்துக்கொண்டார்.

மாதச் செலவை 12-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஒவ்வொரு சம்பளத்திலும் சமமாக எடுத்து வைக்கலாமே என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி, அங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மாதம் 1,300 கட்ட வேண்டுமென்றால் பாதியாக 650 எடுக்காமல் 600 எடுத்தால் போதும், வருடக் கடைசியில் சரியாக வரும். ஆனால் இரண்டு சம்பளம் விழுகிற ஒவ்வொரு சுற்றிலும் 100 டாலர் பற்றாமல் போகும், அந்தப் பற்றாக்குறை ஐந்து சுற்று சேர்ந்து 500 ஆன பிறகுதான் மூன்றாவது சம்பளம் வந்து அடைக்கும். முன்கூட்டியே அந்த 500, 600-ஐப் போட்டு வைத்திருந்தால்தான் இது ஓடும். மணி நேரமும் குறைந்து இதுவும் பற்றாமல் போனால் இரண்டு அடி ஒரே நேரத்தில் விழும். கேஷுவலுக்குப் பாதிப் பாதி எடுத்துவைப்பதே பாதுகாப்பு என்று சொன்னேன். அப்படிச் செய்தால் மூன்றாவது சம்பளத்தில் தவணைக்கென்று எதையும் தொட வேண்டியதில்லை.

வரியைப் பற்றியும் ஒரு சந்தேகம் வந்தது. மூன்று சம்பளம் வந்த மாதம் என்பதற்காக வரி அதிகமாகாது, பிடித்தம் ஒவ்வொரு சம்பளத்துக்கும் தனித்தனியாக நடக்கிறது. ஈஸ்டர் போலப் பெரிதாக வந்த சம்பளத்தில் மட்டும் அந்த ஒன்றுக்கு அதிக விகிதத்தில் பிடிப்பார்கள். ஜூன் 30-ல் வரி வருடம் முடிந்து கணக்குக் காட்டும்போது அது சரியாகிவிடும்.

மிச்சம் இருப்பது அந்த உண்மையான உபரியை என்ன செய்வது என்பது. சராசரியாக 56 மணி நேரம் கிடைக்கிறது என்று பார்த்தால் ஒரு சம்பளம் 1,792, இரண்டு உபரிச் சம்பளம் 3,584 டாலர். அப்பாவின் யோசனை கடன் அசலில் கட்டிவிடலாம் என்பது. வட்டி மிச்சம்தான், தப்பில்லை. ஆனால் கேஷுவலுக்கு அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. அவள் டிசம்பர் 21 முதல் ஜனவரி 17 வரை, நான்கு வாரம், பொங்கலுக்கும் சேர்த்து ஊருக்கு வருகிறாள். லீவுச் சம்பளம் கிடையாது. அதோடு சம்பளம் எப்போதும் முடிந்த 14 நாளுக்குத்தான் வரும், ஞாயிறோடு முடிகிற கணக்கு வியாழன் விழும். அதனால் அவள் இங்கே இருக்கும்போது பணத்தட்டுப்பாடு தெரியாது, டிசம்பர் 24-ல் முழுச் சம்பளம் விழும், ஜனவரி வாடகையும் இஎம்ஐயும் தாராளமாகக் கட்டலாம். ஓட்டை அதற்கப்புறம். ஜனவரி 7-லும் 21-லும் ஒன்றும் விழாது. அடுத்து விழுவது பிப்ரவரி 4. பிப்ரவரி 1 வாடகைக்கு அது உதவாது, 5-ம் தேதி இஎம்ஐ-க்கும் இங்கே வந்து ஏறியிருக்காது.

வருடத்துக்கு இரண்டு உபரிச் சம்பளம், ஊருக்கு வந்தால் போகிற சம்பளமும் இரண்டு. ஏப்ரல் 2-ல் வந்தது கரைந்துவிட்டதால் இந்த முறை அக்டோபர் 1 சம்பளம் ஒன்றுதான் கையில். பிப்ரவரிக்குத் தேவை 2,699, அதில் 1,792 அங்கிருந்து. மீதி 900 டாலர் சொச்சத்தை, 44 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிற ஒவ்வொரு சம்பளத்திலும் அந்த மேல்காசை மட்டும் வேறொரு அக்கவுண்ட்டுக்கு மாற்றிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். 56 மணி நேரம் கிடைத்தால் ஒரு சம்பளத்துக்கு 384 டாலர் ஒதுங்கும், மூன்று சம்பளத்தில் முடிந்துவிடும். அந்த அக்கவுண்ட் நம்பர் அப்பாவிடம் இல்லை. அவரே அப்படி வைக்கச் சொல்லிவிட்டார்.